பொதியில்: ஒரு சொல்லும் மோரியர் படை சென்ற தொலைவும்

பொதியில் என்பது சங்க இலக்கியத்தில் இரு பொருள்களில் வழங்கும் சொல். ஊரார் கூடும் பொதுமன்றம் என்பது ஒன்று. அகத்தியர் மலை எனப்படும் பொதிகை மலை என்பது மற்றொன்று. அகநானூற்றின் 251ஆம் பாடலில் இச்சொல் ஒருமுறை வருகிறது. அங்கே எப்பொருளைக் கொள்வது என்பதைப் பொறுத்து, மோரியர் படை மதுரைக்கு அருகில் நின்றதா அல்லது அதற்கும் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்று தாமிரபரணி தோன்றும் மலையை அடைந்ததா என்ற முடிவு மாறுகிறது. இரண்டாம் முடிவு சரியென்றால், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாக நீளும் கரிசல் நிலத்தைப் பாடலிபுத்திரத்தின் தேர்கள் கடந்திருக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட வரலாற்று நூல்கள் சில அவ்வாறே கொண்டன.

பாடலும் அதன் சூழலும்

251ஆம் பாடலைப் பாடியவர் மாமூலனார். இது பாலைத்திணைப் பாடல். பொருள் தேடிப் பிரிந்த தலைவன் விரைவில் திரும்புவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். நந்தரின் செல்வமே கிடைத்தாலும் அவன் அங்கே தங்கமாட்டான் என்கிறாள். பின்னர் அவன் சென்ற வழியை விவரிக்கிறாள். வரலாற்றுச் செய்தி முழுவதும் அந்த விவரிப்புக்குள் அடைமொழியாக அடங்கியிருக்கிறது. போரைப் பற்றிச் சொல்வது பாடலின் நோக்கம் அல்ல. ஒரு கணவாயை அடையாளம் காட்டுவதற்காகப் போர் நினைவுகூரப்படுகிறது.

அடைமொழிக்குள் உள்ள செய்தியை உரைநடையில் இவ்வாறு கூறலாம். விரைந்து செல்லும் தேர்களை உடைய கோசர்கள், மிகப் பழைய ஆலமரத்தின் பெருங்கிளைகள் உள்ள பொதியிலில் முரசு முழங்கப் பகைவரின் போர்முனையை அழித்தனர். அக்காலத்தில் மோகூர் பணியவில்லை. அது பணியாததால் பெரும்படையுடைய வம்ப மோரியர் பகைகொண்டு வந்தனர். அவர்களின் தேர்ச்சக்கரம் உருளுவதற்காகக் குறைக்கப்பட்ட, அருவி விளங்கும் மலைவாயிலுக்கு அப்பால், யானையும் புலியும் பொரும் தேக்கஞ்சோலை வழியே தலைவன் போயிருக்கிறான்.

ஒரே வாக்கியத்தில் நான்கு இடங்கள் வருகின்றன: பொதியில், மோகூர், அறைவாய் எனப்படும் மலைவாயில், அதற்கு அப்பாலுள்ள தேக்கஞ்சோலை. இவற்றுள் பெயர் தெளிவாக உள்ள ஊர் மோகூர் மட்டுமே. அது மதுரைக்கு வடகிழக்கே யானைமலையை அடுத்துள்ள திருமோகூர் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

மலை என்ற பொருள் வரலாறான விதம்

சு. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1918இல் வெளியிட்ட தென்னிந்திய வரலாற்றின் தொடக்கங்கள் பற்றிய ஆங்கில நூலில், மாமூலனார் முதலிய புலவர்களின் குறிப்புகளைக் கொண்டு மோரியப் படையெடுப்பு ஒன்றை வடிவமைத்தார். அதில் கோசர்கள் மோரியரின் முன்னணிப் படையினர். படை கொங்கணத்திலிருந்து புறப்பட்டு, கண்ணூருக்கு வடக்கேயுள்ள ஏழில்மலையைக் கடந்து, கொங்குநாட்டுக்குள் நுழைந்து, இறுதியில் திருநெல்வேலிப் பகுதியின் பொதியில் மலைவரை வந்தது. ஹேமசந்திர ராய்சௌதுரி பண்டைய இந்திய அரசியல் வரலாறு பற்றிய தம் நூலில் இக்கருத்தை எடுத்துக்கூறினார். அந்நூல் இந்தியா முழுவதும் கல்லூரிகளில் படிக்கப்பட்டது. சங்கப் பாடலைத் தமிழில் படிக்காதவர்களிடமும் மோரியர் பொதியில் மலைவரை வந்தனர் என்ற செய்தி இவ்வாறு பரவியது.

இந்த வாசிப்பைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பொதியில் என்ற வடிவமே மலையைக் குறித்துச் சங்கப் பாடல்களில் வருகிறது. புறநானூறு 128இல் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடும்போது, மேகம் தவழும் அவனுடைய பொதியிலை ஆடும் மகளிர் எளிதாக அடைவார்கள், பெருமைமிக்க மன்னர்கள் அடைவது அரிது என்கிறார். இங்கே பொதியில் மலைதான். வேறு பொருளுக்கு இடமில்லை. எனவே 1918இல் ஒருவர் 251ஆம் பாடலைப் படித்துப் பொதியில் என்றதும் மலையை நினைத்தது இயல்பே. பாடலில் அருவியும் யானையும் புலியும் வேறு வருகின்றன.

சொல்லின் பொருள்கள்

மன்றம் என்ற பொருளில் இச்சொல்லைப் பொது, இல் எனப் பிரிப்பர். ஊருக்குப் பொதுவான வீடு அது. மலையின் பெயருக்கு அவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. மேகத்தால் பொதியப்பட்ட மலை என்று சிலர் கொள்வர். ஜப்பானிய ஆய்வாளர் ஷு ஹிகோசகா அதைப் போதி என்ற சொல்லோடும் அவலோகிதேசுவரர் உறையும் பொதலக மலையோடும் இணைத்தார். பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி 251ஆம் பாடலின் பொருளைத் தீர்மானிக்காது. பாடப்பட்ட காலத்தில் இரு பொருளும் ஒருசேர வழக்கில் இருந்தன என்பதே இங்கு வேண்டியது.

மூன்றாவது பொருள் ஒன்று இன்றைய வாசகரைத் தடுமாறச் செய்யக்கூடும். கரிசல் வட்டாரத்தில் பொதி என்றால் மூட்டை. பருத்தி விளையும் நிலத்தில் பஞ்சுப்பொதி, பொதிமாடு என்பவை அன்றாடச் சொற்கள். அந்தக் காதோடு கேட்டால் பொதியில் என்பது மூட்டைக்குள் என்றே ஒலிக்கும். பாடலுக்கு இப்பொருள் பொருந்தாது. ஆனால் ஒரு பழைய சொல்லைப் படிப்பவர் தம் காலத்தில் முதலில் நினைவுக்கு வரும் பொருளை அதில் ஏற்றிவிடுகிறார் என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு. கல்லூரிப் படிப்புடைய ஒருவருக்குப் பொதியில் என்றதும் அகத்தியர் மலை நினைவுக்கு வருவதும் இத்தகையதே. மன்றத்தைக் குறிக்கும் பொருள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. பொருள் மறைந்தாலும் இடம் மறையவில்லை. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் மந்தை, சாவடி, மடம் என்ற பெயர்களில் அது இன்றும் உள்ளது. மரத்தடியும் திண்ணையும், ஊர்க்கூட்டம் கூடும் வழக்கமும் அங்கே தொடர்கின்றன.

சங்கப் பாடல்களில் எது மலை, எது மன்றம் என்பதைச் சொல்லைச் சூழ்ந்துள்ள பொருள்களே காட்டிக்கொடுக்கின்றன. பட்டினப்பாலையில் வரும் பொதியிலில் தெய்வம் உறையும் தூண் உள்ளது. மெழுகிய தரையும் அணையாத விளக்கும் உள்ளன. வெளியூரார் வந்து தங்குகின்றனர். அகநானூறு 167இல் வருவது பாழடைந்த பொதியில். செங்கல் சுவரில் யானை முதுகை உரைக்க விட்டம் விழுகிறது. சுவரில் எழுதப்பட்டிருந்த கடவுள் நீங்கிவிட்டது. மலைக்குச் செங்கல் சுவரும் விட்டமும் இருக்க முடியாது. மறுபுறம் மலையைக் குறிக்கும் இடங்களில் மேகமோ அருவியோ அதை ஆளும் ஆய் அல்லது பாண்டியனோ உடன் வருவது வழக்கம்.

வாதத்தின் படிகள்

இந்த அளவுகோலை 251ஆம் பாடலுக்குப் பொருத்தும்போது முதலில் பார்க்கவேண்டியது, பொதியில் என்ற சொல்லைத் தழுவி நிற்கும் அடைமொழி எது என்பது. மிகப் பழைய ஆலமரமும் அதன் கிளையும் மட்டுமே அச்சொல்லுக்குரியவை. அருவி பொதியிலுக்கு உரியதன்று. அது சில அடிகள் கழித்து மலைவாயிலுக்கு அடையாக வருகிறது. யானையும் புலியும் அதற்கும் அப்பாலுள்ள சோலையில் இருக்கின்றன. பாடலை ஒரே காட்சியாகப் படித்தால் அருவியும் பொதியிலும் சேர்ந்து ஒரு மலையாகத் தோன்றும். வாக்கிய அமைப்பின்படி படித்தால் பொதியிலில் மிஞ்சுவது ஓர் ஆலமரமும் ஒரு முரசும்தான்.

இரண்டாவது சான்று குறுந்தொகையில் உள்ளது. அதன் 15ஆம் பாடல் ஔவையார் பாடியது. அங்கும் முரசு ஒலிக்கிறது, சங்கு முழங்குகிறது, மிகப் பழைய ஆலமரத்துப் பொதியிலில் நாலூர்க் கோசர் தோன்றுகின்றனர். அவர்கள் சொன்ன சொல் தவறாதது போலத் தலைவியின் காதலும் மெய்யாயிற்று என்கிறது பாடல். ஆலமரம், பொதியில், முரசு, கோசர் ஆகிய நான்கும் இரு பாடல்களிலும் சேர்ந்தே வருகின்றன. ஆலமரத்துக்குரிய அடைமொழியும் ஒன்றே. குறுந்தொகையில் கோசர் செய்வது போரன்று. ஊரார் முன்னிலையில் உறுதிமொழி சொல்கின்றனர். நான்கு ஊரார் கூடிச் சொல் தரும் இடம் மன்றமாகவே இருக்க முடியும். அதற்காக 1,868 மீட்டர் உயர மலையில் யாரும் ஏறமாட்டார்கள். எனவே கோசரின் ஆலமரத்துப் பொதியில் என்பது அக்காலத்தில் புலவர்களும் கேட்போரும் நன்கு அறிந்த ஓரிடம் என்று கொள்ளலாம்.

அந்த மன்றம் எங்கே இருந்தது என்பதற்கு மதுரைக்காஞ்சி ஒரு குறிப்புத் தருகிறது. பழையன் என்பவனுடைய மோகூர் அவையில் கோசர் விளங்கித் தோன்றுவதை அது உவமையாகக் கூறுகிறது. மோகூரின் பெயரும் கோசரின் பெயரும் ஓர் அவையோடு சேர்த்துச் சொல்லப்படுவது இங்கே முக்கியமானது. 251ஆம் பாடலிலும் கோசர், பொதியில், மோகூர் என்ற வரிசையே வருகிறது. ஆலமரத்துப் பொதியில் மோகூரிலேயே இருந்தது என்று இதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கோசரைத் தேடி மோகூருக்குத் தெற்கே போகவேண்டிய தேவை இல்லாமற் போகிறது.

மூன்றாவது சான்று இலக்கணத்தில் உள்ளது, மிகவும் கவனிக்கப்படாததும் இதுவே. பொதியில் மலையையே குறிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அங்கே முரசு முழங்கியவர்கள் கோசர்கள். மோரியர் அங்கு வந்ததாகப் பாடல் கூறவில்லை. மோரியர் வந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது மோகூர் பணியாமை. அவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் மலைவாயில். கோசர் மோரியரின் முன்னணிப் படை என்று முதலில் முடிவு செய்தால்தான் கோசர் நின்ற இடம் மோரியர் நின்ற இடமாகும். அந்த முடிவுக்குப் பாடலில் நேரடிச் சான்று இல்லை. கோசர் மோகூரின் பகைவரை அழித்தனரா, மோகூரை எதிர்த்தனரா என்பதையே பாடல் திறந்து வைத்திருக்கிறது. மதுரைக்காஞ்சியைச் சேர்த்துப் படித்தால் அவர்கள் மோகூரின் துணைவர்களாகவே தோன்றுகின்றனர். அகநானூறு 281இல் மோரியருக்கு முன்னே வருபவர்கள் வடுகர், கோசர் அல்லர். அப்பாடலையும் மாமூலனாரே பாடினார் என்பது குறிப்பிடத்தக்கது. ஐயங்காரின் வாதத்தில் பொதியில் என்ற சொல்லும் கோசர் பற்றிய ஊகமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் சாய்கிறது.

மோரியரைக் குறிப்பிடும் மற்றப் பாடல்கள் அகநானூறு 69, புறநானூறு 175 ஆகியவை. 281ஐயும் சேர்த்து இம்மூன்றிலும் சக்கரம் உருளக் குறைத்த மலை வருகிறது. பொதியில் எதிலும் இல்லை. 281 மோரியர் தென்திசை நோக்கி வந்ததையும், அம்மலை வானளாவியது என்பதையும் கூறுகிறது. வடக்கிலிருந்து வருவோர் கடக்கும் மலைவாயில் தமிழகத்தின் வடக்கு எல்லைப்புறத்தில் இருந்திருக்க வேண்டும். தலைவன் பொருள் தேடிச் செல்லும் திசையும் அதுதான். மாமூலனாரின் தலைவர்கள் பெரும்பாலும் வடக்கே, மொழி வேறுபட்ட நாட்டை நோக்கியே போகின்றனர்.

பாடலுக்கு வெளியே உள்ள சான்றுகள்

அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரையும், பதின்மூன்றாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர் ஆகியோரையும் தம் ஆட்சிக்கு அப்பால் உள்ளோராகக் குறிப்பிடுகின்றன. அசோகர் தாம் வென்றதாகச் சொல்லும் நாடு கலிங்கம் மட்டுமே. கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்திலுள்ள பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய இடங்களுக்குத் தெற்கே அவருடைய கட்டளைகள் கிடைக்கவில்லை. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணித்தார். அவற்றில் நெடுஞ்செழியன் என்ற பெயர் வருகிறது. அசோகருக்குப் பின் நெடுங்காலம் கழியும் முன்பே பாண்டியர் பெயரில் அங்கே கொடை வழங்கப்பட்டிருக்கிறது.

இவை படையெடுப்பே நடக்கவில்லை என்று காட்டவில்லை. அசோகருக்கு முன் ஒரு படை வந்து திரும்பியிருக்கலாம். சந்திரகுப்தர் அல்லது பிந்துசாரர் காலத்தில் அது நடந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ராய்சௌதுரி வம்ப என்ற அடைமொழியைப் புதிதாக உயர்ந்தவர் என்ற பொருளில் எடுத்து முதல் மோரியரான சந்திரகுப்தரைச் சுட்டினார். வம்ப என்பதற்குப் புதியவர், நிலையற்றவர் என்ற பொருள்களும் உண்டு. அச்சொல்லின் மேல் ஓர் அரசரின் பெயரை ஏற்றுவதும் பொதியிலின் மேல் ஒரு மலையை ஏற்றுவது போன்றதே.

கரிசல் நிலம் எதைக் காட்டுகிறது

மோகூரிலிருந்து பொதிகைக்குப் போகும் நேரான வழி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி எனச் செல்கிறது. பிறகு தாமிரபரணியை ஒட்டி மேற்கே திரும்பிப் பாபநாசத்தை அடைய வேண்டும். இதில் நடுப்பகுதி முழுவதும் கரிசல். கரிசல் மண் நீரை ஏற்று ஊதும் களிமண் வகையைச் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழையில் அது பசைபோலாகி வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். மாடுகள் இழுக்க முடியாமல் வண்டி அச்சுவரை புதைவதும் உண்டு. கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். காற்றைப்போல் விரையும் தேர் இங்கு ஓடவேண்டுமானால் மழை ஓய்ந்து வெடிப்பு விரிவதற்கு முந்தைய சில மாதங்களே ஏற்றவை.

இதைக் கொண்டு படை இவ்வழி வந்திருக்கவே முடியாது என்று சொல்வது தவறாகும். 1799இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் படை நடத்தியது இதே கரிசல் சூழ்ந்த நிலத்தில்தான். அவ்வாண்டு அக்டோபர் 16இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு கோவில்பட்டிக்குத் தெற்கே அதே சாலையில் உள்ளது. 1801இல் படை மீண்டும் வந்தது. பீரங்கி வந்த நிலத்தில் தேர் வரமுடியாது என்று வாதிட இயலாது.

மண் தரும் சான்று வேறு வகையானது. தேர்ச்சக்கரம் எங்கே தடைப்பட்டது, எந்த இடத்தில் வழி செதுக்கப்பட்டது என்பதில் மோரியர் பாடல்கள் நான்கும் கருத்துச் செலுத்துகின்றன. படை உண்மையிலேயே மோகூரைக் கடந்து தெற்கே சென்று, அச்செய்தி மாமூலனார் வரை வந்திருந்தால், பல நாள் நீரின்றிக் கரிய நிலத்தில் தேர் உருண்ட செய்தி பாலைத்திணைப் புலவருக்கு மிகவும் பயன்பட்டிருக்கும். அப்படி ஒரு குறிப்பும் இல்லை. பாடல்கள் நினைவில் வைத்திருப்பது பாறையும் அருவியும் தேக்கும் உள்ள வடக்கு வாயிலை மட்டுமே. சொல்லப்படாததைச் சான்றாகக் கொள்வது எப்போதும் வலிமை குறைந்த வாதம். முன்சொன்ன மூன்று சான்றுகளும் இல்லாவிட்டால் இதற்கு மதிப்பில்லை. அவை இருப்பதால் இது அவற்றோடு ஒத்துச் செல்கிறது என்று மட்டும் கூறலாம்.

பொதியிலை மன்றமாகக் கொண்டால் மோரியர் படையெடுப்பின் தெற்கு எல்லையாக எஞ்சுவது மோகூர். அதுவும் பாடலின்படி படை சென்று வென்ற ஊரன்று, பணியாததால் படை வரக் காரணமான ஊர். அது வீழ்ந்ததா, தப்பியதா என்பதைத் தோழி சொல்லவில்லை. அவளுக்குத் தலைவன் போன வழி மட்டுமே வேண்டியிருந்தது.